இரண்டு மொழியில் ஒரு அறிவிப்பு: நேரம் குறிக்கும் முன் ஒரு கண் பார்க்கட்டும்



நடிகை பி. சரோஜாதேவியை நம்மில் தெரியாதவர் யாரும் இல்லை. 'எங்க வீட்டுப் பிள்ளை', 'அன்பே வா' படங்களில் பார்த்த அதே கன்னடத்துப் பைங்கிளிதான். 2025 ஜூலை 14-ஆம் தேதி பெங்களூரில் அவர் காலமானார். மறுநாள் கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா அவருடைய உடலுக்கு அஞ்சலி செலுத்தினார். அந்தச் செய்தியை முதலமைச்சர் தரப்பில் கன்னடத்தில் ஃபேஸ்புக்கில் போட்டார்கள். கன்னடத்தில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் ஃபேஸ்புக் தானாகவே செய்து காட்டிய ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலமைச்சர் சித்தராமையாவே நேற்று காலமாகிவிட்டார் என்று அது சொன்னது. முதலமைச்சரின் ஊடக ஆலோசகர் அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். மெட்டா நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, தவறைச் சரிசெய்தது.

முதலமைச்சர் என்பதால் உடனே கண்டுபிடித்தார்கள், கடிதம் எழுதினார்கள், திருத்தம் வந்தது. நம் கூட்டமைப்பு அறிவிப்பில் இதுபோல ஒரு தவறு வந்தால் யார் கண்டுபிடிப்பது? இப்போது நம் அலுவலகத்தில் இருந்து போகும் அறிவிப்புகள் பலவும் இரண்டு மொழியில் போகின்றன. வங்கியில் இருந்து ஆங்கிலத்தில் வருவதைத் தமிழாக்கி உறுப்பினர்களுக்கு அனுப்புகிறோம். நாம் விற்கிற வத்தல், உளுந்து பற்றித் தமிழில் எழுதி, வெளியூர் வியாபாரிகளுக்காக ஆங்கிலமாக்கிப் போடுகிறோம். கூகுள் மொழிபெயர்ப்பில் 2011-ஆம் ஆண்டே தமிழ் வந்துவிட்டது. இன்று போன் வைத்திருக்கும் யாரும் அரை நிமிடத்தில் மொழிபெயர்த்துவிடலாம். அதோடு, அலாரம் வைக்கிற மாதிரி, "வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்குப் போகட்டும்" என்று நேரம் குறித்து வைத்துவிடவும் முடிகிறது. குறித்த நேரத்தில் அது தானாகப் போய்விடும். அப்போது நாம் களை எடுத்துக்கொண்டு இருப்போம், தவறு இருந்தால் தடுக்க ஆள் இருக்காது. அதனால்தான் மொழிபெயர்ப்புக்கும் நேரம் குறிப்பதற்கும் நடுவில், ஒரு ஆள் படித்துப் பார்க்கிற வேலையை நாங்கள் கட்டாயமாக்கி இருக்கிறோம். அதை எப்படிச் செய்கிறோம் என்று இங்கே எழுதுகிறோம்.

வாக்கியம் நீண்டால் பழி மாறிப்போகும்

முதலில் அந்தக் கன்னடச் செய்தியில் என்ன நடந்தது என்று பார்ப்போம். கன்னடமும் தமிழும் வாக்கியம் கட்டும் விதத்தில் ஒன்றுதான். "முதலமைச்சர், நேற்று காலமான மூத்த நடிகையின் உடலுக்கு அஞ்சலி செலுத்தினார்" என்று எழுதுகிறோம். யார் என்பது முதலில் வருகிறது, என்ன செய்தார் என்பது கடைசியில் வருகிறது. நடுவில் 'காலமான' என்று ஒரு சொல் நிற்கிறது. அது அடுத்து வரும் நடிகையைச் சேர்ந்தது என்று நமக்குப் படித்ததும் தெரியும். இயந்திரத்துக்கு அது எப்போதும் தெரிவதில்லை. சில நேரம் முன்னால் நிற்கும் முதலமைச்சரோடு அந்தச் சொல்லைச் சேர்த்துவிடுகிறது.

நாமும் இப்படித்தான் எழுதுகிறோம். "கூட்டமைப்புத் தலைவி, தவணை கட்டத் தவறிய உறுப்பினர்களைச் சந்தித்துப் பேசினார்" என்று ஒரு செய்தி போட்டால், ஆங்கிலத்தில் தவணை கட்டத் தவறியது தலைவிதான் என்று வந்துவிடக் கூடும். அதை வங்கிக்காரர் படித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு மருந்து எளிது. வாக்கியத்தை உடைத்து எழுத வேண்டும். "சில உறுப்பினர்கள் தவணை கட்டவில்லை. கூட்டமைப்புத் தலைவி அவர்களைச் சந்தித்துப் பேசினார்." இப்படி இரண்டாக எழுதினால் யார் எதைச் செய்தார் என்பதில் குழப்பம் வர வழி குறைவு. மொழிபெயர்க்கப் போகும் அறிவிப்பு என்றால் ஒரு வாக்கியத்தில் ஒரு ஆள், ஒரு வேலை. இதுதான் எங்கள் முதல் விதி.

இன்னொன்றும் கவனியுங்கள். முதலமைச்சர் தரப்பில் ஆங்கிலத்தில் எழுதவே இல்லை. நிறுவனம் தானாக மொழிபெயர்த்துக் காட்டியது. நாம் தமிழில் மட்டும் போட்டாலும் படிக்கிறவரின் போனில் இப்படி நடக்கலாம், அதை நாம் தடுக்க முடியாது. நாமே சரிபார்த்த ஆங்கிலத்தையும் தமிழுக்குக் கீழே சேர்த்துப் போட்டுவிட்டால், படிக்கிறவர் இயந்திரத்தை நம்பி இருக்க வேண்டியதில்லை.

தள்ளுபடி என்ற ஒரு சொல்

எங்கள் அலுவலகத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். ஒரு வங்கியில் இருந்து ஆங்கிலத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. தவணையைக் குறித்த தேதிக்குள் கட்டும் குழுக்களுக்கு வட்டியில் ஒரு பகுதி குறையும் என்பது விஷயம். ஆங்கிலத்தில் 'ரிபேட்' என்று போட்டிருந்தது. கணக்கர் அதை போனில் கொடுத்துத் தமிழாக்கினார். "உரிய தேதியில் திருப்பிச் செலுத்தும் குழுக்களுக்கு வட்டி தள்ளுபடி வழங்கப்படும்" என்று வந்தது. படித்தால் நல்ல தமிழ், எழுத்துப்பிழை கூட இல்லை. வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு எல்லாக் குழுக்களுக்கும் போக வேண்டியது.

நேரம் குறிக்கும் முன், அன்று பணம் கட்ட வந்திருந்த ஒரு உறுப்பினரிடம் அதைப் படிக்கச் சொன்னோம். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, தமிழ் நன்றாகப் படிப்பார். படித்துவிட்டு அவர் கேட்டார்: "என்ன தாயி, அப்ப வட்டியே கட்ட வேண்டாமா? நகைக்கடன் தள்ளுபடி ஆன மாதிரியா?"

கணக்கருக்குப் பகீர் என்றது. "இல்லக்கா, வட்டி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதுவும் தேதி தவறாமக் கட்டினாத்தான்" என்றார்.

"அப்படி எங்க போட்டிருக்கு? தள்ளுபடின்னுதான போட்டிருக்கு!"

அந்த அக்கா கேட்டதில் தவறே இல்லை. ஆங்கிலத்தில் 'ரிபேட்' என்றால் கொஞ்சம் குறைப்பது. 'டிஸ்கவுண்ட்' என்றால் கடையில் விலை குறைப்பது. 'வெய்வர்' என்றால் கட்ட வேண்டியதையே ரத்து செய்வது. மூன்றுக்கும் தமிழில் 'தள்ளுபடி' என்றே வந்துவிடுகிறது. ஜவுளிக்கடை வாசலில் அந்தச் சொல்லைப் பார்த்தால் விலை குறைப்பு என்று நமக்குப் புரியும். கடன் பேச்சில் அதே சொல் வந்தால் நம் காதுக்கு வேறு அர்த்தம். 2021-இல் தமிழக அரசு, கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரையிலான நகைக்கடனைத் தள்ளுபடி செய்ய ஆணையிட்டது நமக்கு மறக்கவில்லை. 'வட்டி தள்ளுபடி' என்று கூட்டமைப்பே சொன்னால், அந்த மாதம் வட்டியைக் கட்டாமல் விடுபவர் இருப்பார்கள். கட்டாமல் விட்டால் குறைப்பும் கிடைக்காது, குழுவுக்குக் கெட்ட பெயரும் சேரும்.

இரண்டாவது கோளாறும் அதே அறிவிப்பில் இருந்தது. '7% வட்டி' என்று போட்டிருந்தது. வங்கி சொல்வது ஆண்டு வட்டி. நம் ஊர்ப் பேச்சில் '2 வட்டி' என்றால் 100 ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய். அதை ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 24 ரூபாய். அந்தக் கணக்குப்படி '7 வட்டி' என்று காதில் விழுந்தால் மீட்டர் வட்டியை விட மோசம் என்றுதான் தோன்றும். உண்மையில் அது 100 ரூபாய்க்கு மாதம் 60 காசுக்கும் குறைவு. இதையும் இயந்திரம் தவறாக மொழிபெயர்க்கவில்லை. எண்ணை அப்படியே தந்தது. ஆனால் கேட்கிறவர் மனதில் போய்ச் சேர்வது வேறு.

அதனால் அறிவிப்பை இப்படி மாற்றினோம்: "குறித்த தேதிக்குள் தவணை கட்டினால் வட்டி குறையும். 100 ரூபாய்க்கு ஆண்டுக்கு 10 ரூபாய் என்பது 7 ரூபாய் ஆகும். கையில் 1 லட்சம் கடன் நிலுவை இருந்தால், அந்த மாத வட்டி 833 ரூபாய்க்குப் பதிலாக 583 ரூபாய். அசலும் மீதி வட்டியும் கட்டியே ஆக வேண்டும். தேதி தவறினால் இந்தக் குறைப்பு கிடையாது." முதலில் வந்ததை விட நீளம்தான். ஆனால் அதே அக்காவிடம் மறுபடி காட்டியபோது, "சரி, மாசம் 250 ரூபாய் மிச்சம்" என்றார். அப்புறம்தான் நேரம் குறித்தோம்.

திருப்பி மொழிபெயர்த்துப் பார்த்தால் போதாதா?

சிலர் ஒரு வழி சொல்வார்கள். வந்த தமிழை மறுபடி ஆங்கிலமாக்கிப் பார், முதலில் இருந்ததே வந்தால் சரி என்பார்கள். எண் விட்டுப்போனது, 'இல்லை' என்ற சொல் காணாமல் போனது போன்ற தவறுகளை இது காட்டிக்கொடுக்கும். செய்து பார்ப்பது நல்லதுதான். ஆனால் மேலே சொன்ன தள்ளுபடி விஷயத்தில் இது ஏமாற்றிவிடும். ஒரே இயந்திரம் போகும்போதும் வரும்போதும் அந்தச் சொற்களை மாற்றிக் கொடுத்துக்கொள்கிறது. அதன் கணக்கில் எல்லாம் சரியாகவே இருக்கும். அந்தச் சொல் நம் ஊரில் எப்படிக் கேட்கும் என்பது அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல ஊர் ஆள்தான் வேண்டும்.

தமிழில் இருந்து ஆங்கிலம் போகும்போதும் அப்படியே. 'கடலை' என்று எழுதினால் நமக்கு நிலக்கடலை. ஆனால் 'கடலைப் பார்த்தேன்' என்றால் அது சமுத்திரம். "கடலை விற்பனைக்கு உள்ளது" என்று மட்டும் எழுதினால், நாம் கடலையே விற்பதாக ஆங்கிலத்தில் வந்தாலும் ஆச்சரியம் இல்லை. 'வத்தல்' என்றால் நமக்கு மிளகாய் வத்தல். மற்ற ஊர்களில் அது சுண்டைக்காய் வத்தலாகவும் இருக்கும், வடகமாகவும் இருக்கும். எனவே 'நிலக்கடலை', 'காய்ந்த மிளகாய் வத்தல்' என்று முழுப் பெயரை எழுத வேண்டும். பெயராக நிற்பதை மொழிபெயர்க்கவே கூடாது. புதூர் என்பது ஊர்ப்பெயர், அதைப் 'புது ஊர்' என்று ஆங்கிலமாக்கினால் லாரி எங்கே வந்து நிற்கும்? கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற பெயர், அதுவும் அப்படியே இருக்க வேண்டும். இப்படிப்பட்ட ஊர்ப்பெயர், பொருள் பெயர்களை ஒரு நோட்டில் இரண்டு மொழியிலும் எழுதி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் அந்த நோட்டைப் பார்த்தே போடுகிறோம்.

சரிபார்ப்பது இரண்டு பேர்

எங்கள் முறையில் சரிபார்க்க இரண்டு பேர். முதலாமவர் இரண்டு மொழியும் தெரிந்தவர். அவர் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாக ஒத்துப் பார்க்கிறார். முக்கியமாக நான்கைப் பேனாவால் வட்டமிடுகிறார்: தேதி, தொகை, யாருக்கு, 'இல்லை' அல்லது 'கூடாது' என்ற சொல். இவை நான்கும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டாமவர், அறிவிப்பு யாருக்குப் போகிறதோ அவர்களில் ஒருவர். அவருக்கு மூலத்தைக் காட்டக்கூடாது, விளக்கமும் சொல்லக்கூடாது. மூலம் தெரிந்தவருக்கு, எழுதியதில் இல்லாததும் இருப்பதாகவே தோன்றும். அவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, "இதைப் படிச்சிட்டு நீங்க என்ன செய்வீங்க, எப்ப செய்வீங்க, எவ்வளவு கொண்டு வருவீங்க?" என்று கேட்கிறோம். "புரியுதா?" என்று கேட்டால் எல்லோரும் "புரியுது" என்றுதான் சொல்வார்கள். என்ன செய்வீர்கள் என்று கேட்டால்தான் புரிந்தது எது என்று வெளியே வரும்.

சத்தமாக வாசிப்பதற்கும் காரணம் உண்டு. இலங்கையில் பேருந்து இருக்கை ஒன்றில், சிங்களத்தில் இருந்து தமிழாக்கி 'கர்ப்பிணித் தாய்மார்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'நாய்மார்' என்று எழுதி வைத்து, அது பெரிய அவமானமாகப் பேசப்பட்டது. ஒரே ஒரு எழுத்துதான். கண் மட்டும் ஓடினால் அதைத் தாண்டிப் போய்விடும், வாய் விட்டுப் படித்தால் மாட்டிக்கொள்ளும்.

வியாபாரிகளுக்கான ஆங்கில அறிவிப்பு என்றால் இரண்டாமவராக ஆங்கிலம் படிக்கத் தெரிந்த, ஆனால் நம் தமிழ் மூலத்தைப் பார்க்காத ஒருவர் வேண்டும். கல்லூரியில் படிக்கும் உறுப்பினரின் மகளையோ மகனையோ கேட்கிறோம். "இவங்க என்ன விக்கிறாங்க, கிலோ என்ன விலை, எந்த ஊருக்கு வரணும்?" என்று கேட்டு, பதில் சரியாக வந்தால் போதும்.

நேரம் குறிப்பது கடைசி வேலை

இரண்டு பேரும் நோட்டில் கையெழுத்துப் போட்ட பிறகே நேரம் குறிக்க வேண்டும். சிலர் முதலிலேயே நேரத்தைக் குறித்து வைத்துவிட்டு, "அதுக்குள்ள பார்த்துக்கலாம்" என்பார்கள். அன்று கணக்கர் வீட்டில் ஒரு காய்ச்சல் என்றால், பார்க்காத அறிவிப்பு தானாகப் போய்விடும். கையெழுத்து இல்லாத அறிவிப்பு போகாமல் கிடக்கட்டும். ஒரு நாள் தாமதம் ஆனால் பரவாயில்லை. கையெழுத்து ஆன பிறகு யாராவது ஒரு சொல்லை மாற்றினாலும் கையெழுத்து செல்லாது, இரண்டு பேரும் மறுபடி பார்க்க வேண்டும்.

நேரம் குறிக்கும்போது இரண்டு இடத்தில் தவறு வரும். ஒன்று, பகல் 12 மணி. போனில் அது 12:00 PM. 12:00 AM என்று போட்டால் நள்ளிரவில் போய்விடும். மற்றொன்று தேதி. 03/04 என்பதை நாம் ஏப்ரல் 3 என்று படிப்போம், சில போன்கள் மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். அதனால் அறிவிப்புக்கு உள்ளே மாதத்தின் பெயரையும் கிழமையையும் எழுத்தில் எழுதுகிறோம். தேதியும் கிழமையும் பொருந்தவில்லை என்றால் எங்கோ தவறு என்று உடனே தெரிந்துவிடும்.

போகிற அன்று காலையில் ஒருவர் கடைசியாக ஒரு முறை பார்க்கிறார். மொழி சரியாக இருந்தும் விஷயம் பொய்யாகிப் போகலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் தூத்துக்குடி மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியது நினைவிருக்கும். முந்தின வாரம் குறித்து வைத்த "திங்கட்கிழமை கூட்டம், தவறாமல் வரவும்" என்ற செய்தி அன்று காலையில் தானாகப் போனால் எப்படி இருக்கும்? மழை, சாவு, வங்கி விடுமுறை எதுவானாலும் அதை நிறுத்தி வைக்க, அறிவிப்பு போட்ட போனின் திறவு எண் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாம் பார்த்தும் தவறு போய்விட்டால், சத்தமில்லாமல் அழிப்பதோடு விடக்கூடாது. அதற்குள் அது பத்துப் போனுக்குப் போயிருக்கும். "வெள்ளிக்கிழமை அனுப்பியதில் 'வட்டி தள்ளுபடி' என்று இருந்தது தவறு, 'வட்டி குறைப்பு' என்பதே சரி" என்று எது தவறு, எது சரி என்பதை இரண்டு மொழியிலும் அதே இடத்தில் போட வேண்டும். பணம் சம்பந்தப்பட்டது என்றால் ஒவ்வொரு குழுவின் ஊக்குநருக்கும் போன் போட்டு வாயாலும் சொல்ல வேண்டும்.

இந்த மாதக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டி, உங்கள் குழுவில் சத்தமாக வாசித்துக் கேள்வி கேட்கக்கூடிய ஒருவரின் பெயரைத் தீர்மான நோட்டில் எழுதி அனுப்புங்கள். ஆங்கிலம் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த அக்காவைப் போல "அப்படி எங்க போட்டிருக்கு?" என்று கேட்கத் தெரிந்தால் போதும்.